சிவப்பு லைட் எரிந்த பிறகு இருக்கும் 30 விநாடி

ஒன்ராறியோவில் AZ லைசென்ஸ் எடுத்து, புதிதாகப் பெரிய ட்ரக் ஓட்ட வரும் எங்கள் பிள்ளைகளிடம் ஒரு பழக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். டாஷ்போர்டில் என்ஜின் லைட் எது எரிந்தாலும், மஞ்சளோ சிவப்போ, “யார்டுக்குப் போய்ப் பார்ப்பம்” என்று தொடர்ந்து ஓட்டுகிறார்கள். மஞ்சளுக்கு அது சில நேரம் சரி. சிவப்புக்கு ஒருநாளும் சரி இல்லை. வட அமெரிக்க நெடுஞ்சாலைகளில் ஓடும் பல ட்ரக்குகளில் சிவப்பு STOP லைட் எரிந்து ஏறத்தாழ 30 விநாடியில் என்ஜின் தானாகவே நின்றுவிடும். பின்னால் 36 தொன் பாரத்தோடு, 401 நெடுஞ்சாலையின் நடு லேனில் அது நடந்தால் என்ன ஆகும் என்பதை நீங்களே நினைத்துப் பார்க்கலாம்.

அந்த 30 விநாடியில் என்ன செய்வது, அதற்கு முன்னும் பின்னும் என்ன செய்வது என்பதை ஒழுங்காகச் சொல்லுகிறேன்.

யார்டிலேயே பார்க்க வேண்டியவை

காலையில் திறப்பை ON-க்குத் திருப்பி, என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் கொஞ்சம் பொறுங்கள். மஞ்சள் லைட்டும் சிவப்பு லைட்டும் சில விநாடி எரிந்து அணைய வேண்டும். இது சோதனைக்காக என்ஜின் கம்ப்யூட்டரே செய்வது. இரண்டில் ஒன்று எரியவே இல்லை என்றால் நல்ல செய்தி என்று எண்ணாதீர்கள். அந்த லைட் வேலை செய்யவில்லை, உண்மையான ஆபத்து வரும்போதும் அது எரியாது. எழுதிக் கொடுத்துத் திருத்திய பிறகுதான் வெளிக்கிட வேண்டும்.

அடுத்தது, மெக்கானிக்கிடமோ மேற்பார்வையாளரிடமோ ஒரு கேள்வி கேளுங்கள்: “இந்த ட்ரக்கில என்ஜின் தானா நிக்கிற வசதி போட்டிருக்கா?” தானாக நிறுத்தும் வசதி பல என்ஜின்களில் கம்பனி தன் விருப்பப்படி போடவும் எடுக்கவும் கூடிய ஒரு அமைப்பு. அது போட்டிருந்தால் சிவப்பு லைட் மினுங்கத் தொடங்கிச் சிறிது நேரத்தில் என்ஜின் நிற்கும். போடாவிட்டால் சிவப்பு லைட் எரியும், பலம் குறையும், ஆனால் என்ஜின் தானாக நிற்காது, நீங்கள்தான் நிறுத்த வேண்டும். ஒரே யார்டில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு ட்ரக்குகள் இந்த விஷயத்தில் வேறு வேறாக இருக்கலாம். நேற்று ஓட்டியதை வைத்து இன்றையதைக் கணக்குப் போடக் கூடாது.

கேட்கும்போதே, நிற்பதைத் தள்ளிப்போடும் சுவிட்ச் இருக்கிறதா, எங்கே இருக்கிறது என்றும் கேட்டு, ஒருமுறை கையால் தொட்டுப் பாருங்கள். தேவைப்படும் நேரத்தில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

மஞ்சள் லைட் சொல்வது

மஞ்சள் என்று நாங்கள் சொன்னாலும் அது கொஞ்சம் செம்மஞ்சள். “ஏதோ ஒன்று அளவு தாண்டத் தொடங்கிவிட்டது, அடுத்த பாதுகாப்பான இடத்தில் நிறுத்திப் பார்” என்பது அதன் பொருள். இங்கே உங்களுக்கு நேரம் இருக்கிறது. ஆனால் எவ்வளவு என்பது லைட்டில் தெரியாது, திரையில் வரும் எழுத்திலும் எண்ணிலும்தான் தெரியும்.

பெரும்பாலான ட்ரக்குகளில் பிழை இரண்டு எண்ணாக வரும். SPN என்பது எந்த உறுப்பு என்று சொல்லும். FMI என்பது அதற்கு என்ன ஆயிற்று என்று சொல்லும். எல்லாவற்றையும் பாடமாக்கத் தேவையில்லை. மூன்று SPN தெரிந்தால் ஒரு சாரதிக்குப் போதும்: 100 என்றால் ஒயில் அழுத்தம், 110 என்றால் கூலன்ட் வெப்பம், 111 என்றால் கூலன்ட் மட்டம். என்ஜினைக் கொல்லக்கூடியவை பெரும்பாலும் இந்த மூன்றுதான்.

FMI-யில் பார்க்க வேண்டியது கடுமை. 16 என்றால் அளவுக்கு மேல், ஆனால் நடுத்தரம். 18 என்றால் அளவுக்குக் கீழ், அதுவும் நடுத்தரம். 0 என்றால் மிக மோசமாக மேலே, 1 என்றால் மிக மோசமாகக் கீழே. ஆகவே `SPN 111 FMI 18` என்பது கூலன்ட் குறைகிறது என்ற மஞ்சள் எச்சரிக்கை. அதே கோளாறு வளர்ந்து `SPN 111 FMI 1` ஆகும்போது சிவப்பு எரியும். இந்த வளர்ச்சிதான் புதியவர்கள் விளங்கிக்கொள்ள வேண்டியது. பல சிவப்பு லைட்டுகள் திடீரென்று வருவதில்லை. அரை மணித்தியாலம் முன்பே மஞ்சளாக வந்து சொல்லிவிட்டுத்தான் வருகின்றன.

மஞ்சளோடு சில நேரம் டீரேட்டும் தொடங்கும். டீரேட் என்றால் என்ஜின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே பலத்தைக் குறைப்பது. அக்சிலரேட்டரை முழுதாக மிதித்தாலும் ட்ரக் இழுக்காது. சம தரையில் அது அவ்வளவாகத் தெரியாது. சின்ன ஏற்றம் ஒன்று வந்ததும் வேகம் 95, 85, 75 என்று இறங்கும்போதுதான் தெரியும். அப்போது இன்னும் அழுத்தி மிதிக்காதீர்கள். வலது பக்க லேனுக்கு வந்து, வேகம் குறையக் குறைய நாலு பக்க சிக்னலையும் போட்டு, நிறுத்துவதற்கு இடம் தேடுங்கள்.

கூலன்ட் வெப்பம் மட்டும் ஏறி மஞ்சள் எரிந்தால் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பாரத்தைக் குறையுங்கள், அதாவது அக்சிலரேட்டரைத் தளர்த்தி ஒரு கியர் கீழே இறக்குங்கள். என்ஜின் சுற்று கூடும்போது தண்ணீர்ப் பம்பும் காற்றாடியும் வேகமாகச் சுற்றும். கபின் ஹீட்டரை உச்சத்தில் போட்டால் கொஞ்சம் சூடு அந்த வழியாகவும் போகும். ஊசி இறங்கத் தொடங்கினால் அடுத்த நல்ல இடம் வரை போகலாம். இறங்காவிட்டால் சிவப்பு வரும் வரை காத்திருக்காமல் அப்போதே ஓரங்கட்டுங்கள். ஆனால் ஒயில் அழுத்தம் குறைந்து மஞ்சள் எரிந்தால் இந்த உபாயங்கள் எதுவும் இல்லை. எக்ஸிட் வரை இழுக்க நினைக்காமல் அந்த இடத்திலேயே பாதுகாப்பாக ஓரங்கட்டி நிறுத்துவதுதான்.

சிவப்பு எரிந்ததும்

கணக்கைப் பாருங்கள். மணிக்கு 100 கிலோமீற்றரில் ட்ரக் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 28 மீற்றர் போகும். வேகம் குறையாமல் 30 விநாடி ஓடினால் 830 மீற்றர். ஒரே சீராக வேகத்தைக் குறைத்து முப்பதாவது விநாடியில் நிற்பதென்றால் அதில் பாதி, ஏறத்தாழ 415 மீற்றர். உங்களுக்கு இருக்கும் தூரம் அவ்வளவுதான். அடுத்த எக்ஸிட் இரண்டு கிலோமீற்றர் என்று பலகை சொன்னால் அந்த எக்ஸிட் உங்களுக்கு இல்லை. வீதியோரம்தான் உங்கள் இடம்.

முதலில் செய்ய வேண்டியது பிரேக் அல்ல. லேன் மாறுவது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. டீரேட் தொடங்கிவிட்டதால் இழந்த வேகத்தைத் திரும்ப எடுக்க முடியாது. நடு லேனில் பிரேக் பிடித்து 60-க்கு வந்துவிட்டால், வலது லேனில் 105-இல் வரும் ட்ரக்குகளுக்கு இடையில் நுழைய உங்களிடம் பலம் இருக்காது. இருக்கிற வேகம்தான் உங்கள் சொத்து. அது இருக்கும்போதே வலது சிக்னலைப் போட்டு, கண்ணாடி பார்த்து, லேன் லேனாக ஓரத்துக்கு வாருங்கள். நாலு பக்க சிக்னலை முதலிலேயே போடாதீர்கள். பல வாகனங்களில் அது எரியும்போது திரும்பும் சிக்னல் வேலை செய்யாது, பின்னால் வருபவருக்கு நீங்கள் எந்தப் பக்கம் போகிறீர்கள் என்று தெரியாது. ஓரத்துக்கு வந்த பிறகு போடுங்கள்.

ஓரத்துக்கு வந்ததும் பிரேக்கை ஒரே அழுத்தமாக, சீராகப் பிடித்து நிறுத்துங்கள். விட்டு விட்டு மிதிக்காதீர்கள். என்ஜின் நின்றுவிட்டால் காற்று நிரப்பும் கம்பிரசரும் நின்றுவிடும். தாங்கியில் இருக்கும் காற்றுத்தான் மிச்சம், ஒவ்வொரு மிதிக்கும் அதில் கொஞ்சம் போகும். 60 psi அளவில் எச்சரிக்கை ஒலி கேட்கும். அதையும் தாண்டி 45-க்கும் 20-க்கும் இடையில் வரும்போது ஸ்பிரிங் பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும், அது எந்த இடத்தில் என்பதை நீங்கள் தீர்மானிக்க முடியாது. தாங்கி நிறைந்திருந்தால் ஒரு நல்ல நிறுத்தத்துக்குக் காற்றுத் தாராளமாகக் காணும். அதை வீணாக்காமல் இருந்தால் போதும்.

இன்னும் இரண்டு மாற்றங்களை எதிர்பாருங்கள். என்ஜின் நின்ற கணமே ஸ்டியரிங் கல் மாதிரி ஆகும், ஏனென்றால் அதற்கு உதவும் பம்பை என்ஜின்தான் சுற்றுகிறது. திருப்ப முடியும், ஆனால் இரண்டு கையாலும் பலமாகத் திருப்ப வேண்டும். ஆகவே பெரிய திருப்பம் எதுவும் இருந்தால் என்ஜின் ஓடும்போதே முடித்துவிடுங்கள். என்ஜின் பிரேக்கும் இல்லாமல் போகும். இறக்கத்தில் இருந்தால் இது பெரிய விஷயம்: இறக்கத்தின் நடுவில் சிவப்பு எரிந்தால் அடிவாரம் வரை உருண்டுபோகலாம் என்று எண்ணாமல், காற்றும் ஸ்டியரிங்கும் இருக்கும்போதே ஓரங்கட்டுங்கள்.

இனி அந்தத் தள்ளிப்போடும் சுவிட்ச். அது இருக்கிற ட்ரக்குகளில் என்ஜின் நிற்பதற்கு முன் அழுத்தினால் இன்னும் ஏறத்தாழ 30 விநாடி கிடைக்கும். நின்ற பிறகு அழுத்திப் பயனில்லை. அழுத்தியதால் கோளாறு போவதில்லை, குறைந்த பலமும் திரும்பி வராது. அந்த நேரமெல்லாம் என்ஜின் உள்ளே தேய்ந்துகொண்டிருக்கும், எத்தனை முறை அழுத்தினீர்கள் என்பதும் கம்ப்யூட்டரில் பதிவாகலாம். தண்டவாளத்தின் மேல் நிற்கிறீர்கள், ஒடுங்கிய பாலத்தில் ஓரமே இல்லை, கட்டுமான வேலைக்காக இரு பக்கமும் கொங்கிறீட் சுவர் வைத்திருக்கிறார்கள், இப்படியான இடங்களில் தயங்காமல் அழுத்துங்கள். என்ஜினை விட உயிர் பெரிது. ஆனால் ட்ரக் ஸ்டொப் வரை போய்ச் சேருவதற்காக அழுத்திக்கொண்டே போகாதீர்கள். அப்படிப் போனவர்களின் என்ஜின்களில் பேரிங் உருகியதைக் கழற்றிப் பார்த்திருக்கிறேன்.

நின்ற பிறகு

இரண்டு பார்க்கிங் பிரேக்கையும் இழுங்கள். என்ஜின் இன்னும் ஓடினால் நிறுத்துங்கள். வழக்கமாக டர்போ ஆறுவதற்கு மூன்று முதல் ஐந்து நிமிடம் ஐடிலில் விடச் சொல்லித் தந்திருப்பார்கள், அது நல்ல பழக்கம்தான், ஆனால் சிவப்பு எரியும்போது அது பொருந்தாது. ஒயில் இல்லாமலோ கூலன்ட் இல்லாமலோ ஓடும் ஒவ்வொரு நிமிடமும் டர்போவை விடப் பெரிய செலவு.

நிறுத்திய பிறகு திரையில் இருக்கும் எண்களைப் போனில் படம் எடுங்கள். பிறகு கதவைத் திறக்குமுன் கண்ணாடி பாருங்கள். முடிந்தால் வாகனங்கள் போகாத பக்கக் கதவால் இறங்குங்கள். அமெரிக்க விதிப்படி நின்று 10 நிமிடத்துக்குள் மூன்று முக்கோணங்களை வைக்க வேண்டும். நடுவில் பிரிப்பு உள்ள நெடுஞ்சாலை என்றால் மூன்றும் பின்னால், வாகனங்கள் வரும் திசையில்: 10 அடி, 100 அடி, 200 அடி. அவற்றை உங்கள் முன்னால் பிடித்துக்கொண்டு நடந்தால் வருபவர்களுக்கு நீங்கள் தெரிவீர்கள்.

கூலன்ட் மூடியைத் தொடாதீர்கள். உள்ளே அழுத்தத்தோடு கொதிக்கும் நீர் இருக்கிறது. திறந்தால் முகத்திலும் கையிலும் அடிக்கும். வெப்பம் 50 பாகை செல்சியசுக்குக் கீழே வந்த பிறகுதான் திறக்கலாம், அதற்குக் குளிர் நாளிலும் நிறைய நேரம் எடுக்கும். சூடான என்ஜினில் குளிர் நீரை ஊற்றினால் வார்ப்பு வெடிக்கலாம். வெறும் தண்ணீரை ஊற்றினால் இன்னொரு கரைச்சல்: பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் ஏறத்தாழ −37 பாகை வரை உறையாது, தண்ணீர் கூடக் கூட அந்தக் காப்பு போய்விடும். ஜனவரியில் வட ஒன்ராறியோவில் அது என்ஜினையே உடைத்துவிடும்.

பலருக்கு அடுத்து வரும் ஆசை, திரும்ப ஸ்டார்ட் செய்து பார்ப்பது. பல ட்ரக்குகளில் ஸ்டார்ட் ஆகும். கோளாறு அப்படியே இருந்தால் மறுபடி கொஞ்ச நேரத்தில் நிற்கும். அந்தக் கொஞ்ச நேரங்களைச் சேர்த்துச் சேர்த்து எக்ஸிட் வரை போகலாம் என்று யாரும் சொல்லித் தந்தால் கேட்காதீர்கள். “சென்சர் பிழையாத்தான் இருக்கும்” என்ற பேச்சையும் நம்பாதீர்கள். சென்சர் அல்லது வயர் பிழை என்றால் பெரும்பாலும் FMI 3 அல்லது 4 என்று வரும். FMI 0-வோ 1-ஓ வந்தால், மட்டக்கோலை இழுத்து ஒயிலையும், வெளியில் தெரியும் தொட்டியில் கூலன்டையும் கண்ணால் பார்க்கும் வரை உண்மை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

DEF காரணமாக வரும் சிவப்பு

இது வேறு வகை. புகையைச் சுத்தமாக்க ஊற்றும் DEF திரவம் முடிந்தால், அல்லது புகை சுத்திகரிப்பில் கோளாறு என்றால், முதலில் எச்சரிக்கை, பிறகு டீரேட், கடைசியில் பல அமெரிக்க ட்ரக்குகளில் மணிக்கு 5 மைல் என்ற கட்டுப்பாடு. இது 30 விநாடிப் பிரச்சினை இல்லை, பல மணித்தியாலம் முன்பே சொல்லிவிடும். (2025 ஆகஸ்டில் அமெரிக்கச் சுற்றாடல் முகமையான EPA இந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தும் வழிகாட்டலை அறிவித்தது. ஆனால் உங்கள் ட்ரக்கின் மென்பொருள் புதுப்பிக்கப்படும் வரை பழைய முறைதான்.) இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: அந்தக் கடைசிக் கட்டுப்பாடு பல என்ஜின்களில் ஓடிக்கொண்டிருக்கும்போது விழாது. என்ஜினை நிறுத்தித் திரும்ப ஸ்டார்ட் செய்யும்போதோ, டீசல் அடித்த பிறகோ விழும். ஆகவே திரை அப்படி எச்சரித்திருந்தால், கழிப்பறைக்காக ஒரு ஒதுக்குப்புறத்தில் என்ஜினை நிறுத்தாமல், திருத்தக்கூடிய இடத்துக்கு நேரே போங்கள்.

ஒரு காலைப் பொழுது

போன பெப்ரவரியில் என்னிடம் பழகிய ஒரு தம்பி, பிராம்டனில் இருந்து கிங்ஸ்டனுக்கு 401-இல் பாரத்தோடு போனார். வெளியே −22 பாகை. போர்ட் ஹோப்புக்குக் கிட்ட மஞ்சள் லைட் எரிந்து அணைந்தது. இறக்கங்களில் எரியும், சமதரையில் அணையும். அவர் அதை “லூஸ் கொன்டாக்ட்” என்று நினைத்தார். உண்மையில் தொட்டியில் கூலன்ட் சென்சர் மட்டத்துக்கு வந்துவிட்டது, வண்டி சாயும்போதெல்லாம் திரவம் ஒரு பக்கம் போக, சென்சர் வெளியே தெரிந்தது. திரையில் `SPN 111 FMI 18`. மஞ்சள் வந்து வந்து போவது கோளாறு இல்லை என்பதற்கு அடையாளம் இல்லை. மட்டம் எல்லைக்கோட்டில் நிற்கிறது என்பதற்கு அடையாளம்.

நிறுத்தக்கூடிய இடம் ஒன்றைக் கடந்து போனார். நாற்பது நிமிடம் கழித்து, ட்ரென்டனும் தாண்டிய பிறகு, சிவப்பு மினுங்கியது, `SPN 111 FMI 1`. அந்த நேரம் அவர் இடது லேனில் ஒரு பஸ்ஸை முந்திக்கொண்டிருந்தார். இங்கே அவர் செய்தது எல்லாம் சரி. பிரேக்கைத் தொடவில்லை. பஸ்ஸை முன்னால் போக விட்டு, சிக்னல் போட்டு வலது லேனுக்கு, அங்கிருந்து ஓரத்துக்கு. வண்டி நிற்கப்போகும்போது, வேகமானி பத்துக்குக் கீழே வந்த நேரம், என்ஜினும் நின்றது. அதன் பிறகுதான் எனக்கு எடுத்தார்.

“அண்ணை, நிண்டிட்டுது. திரும்ப அடிச்சுப் பாக்கட்டே?”

“வேண்டாம். ஒயில் கோலை இழுத்துப் பாரும். பிறகு கீழ குனிஞ்சு பாரும், பச்சையா சிவப்பா ஏதும் ஒழுகுதோ எண்டு.”

ஒயில் சரியாக இருந்தது. கபின் ஹீட்டருக்குப் போகும் குழாயின் கிளாம்ப் அருகே சிவப்பு நிறத்தில் கூலன்ட் கசிந்து படிந்திருந்தது. கடும் குளிரில் ரப்பர் சுருங்கும், பழைய கிளாம்ப் அதோடு சேர்ந்து இறுகாது, அந்த இடைவெளியில் சொட்டுச் சொட்டாக ஒழுகும். என்ஜின் சூடாகி ரப்பர் விரிந்தால் ஒழுக்கு நன்றாகக் குறையும். அதனால் யார்டில், சூடான என்ஜினில் பார்த்த மெக்கானிக்கின் கண்ணுக்கு அது படவில்லை. முதல் நாள் இரவு நிறுத்தி வைத்த இடத்திலும், அன்று காலை ஓடும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக ஒழுகியிருக்கிறது.

வந்த மெக்கானிக் கிளாம்பை மாற்றினார். என்ஜின் ஆறியதும் ஏறத்தாழ 6 லீற்றர் கலவை உள்ளே போனது. என்ஜினை ஐடிலில் விட்டு, காற்றுக் குமிழ் வெளியேறும் வரை மட்டத்தைப் பார்த்துப் பார்த்து இன்னும் கொஞ்சம் ஊற்றினார்கள். வெப்பம் ஏறி நிலையாக நின்றது, சிவப்பும் மஞ்சளும் அணைந்தன, தம்பி கிங்ஸ்டனில் மதியத்துக்குப் பிறகு பாரம் இறக்கினார். அடுத்த நாள் விடிய, என்ஜின் குளிர்ந்து கிடக்கும்போதே பொனட்டைத் திறந்து, மற்றக் கிளாம்புகளையும் டோர்ச் அடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். இன்னொன்றும் ஈரமாக இருந்தது.